நஷ்டத்தில் ஓட்டிய மாதங்கள்

தையல் யூனிட்டை மூடிவிடலாம் என்று முடிவு செய்து, அதைச் சொல்வதற்காக ஷெட் சொந்தக்காரர் வீட்டுக்கு நான் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் கறி வாங்க நின்ற கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு போகும்போது, என்ன சொல்ல வேண்டும் என்பதை மனசுக்குள் ஒரு தடவை ஒப்பித்துப் பார்த்துக்கொண்டேன். அழக் கூடாது என்பதுதான் முக்கியமாக இருந்தது.

யூனிட் எனக்கும் என் நாத்தனாருக்கும் சொந்தம். பெங்களூரில் ஒரு பெரிய கார்மென்ட்ஸ் கம்பெனியில் நான் சூப்பர்வைசராக இருந்தேன். விடியும் முன்பே மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்து, இருட்டிய பிறகு வீடு திரும்புகிற வாழ்க்கை. நாத்தனார் என் கணவருடைய தங்கை. அவளும் அதே கம்பெனியில் அக்கவுண்ட்ஸில் இருந்தாள்; குழந்தை பிறந்ததும் நின்றுவிட்டாள். எங்கள் ஊரிலிருந்து அந்த ரயிலில் போகிற பெண்கள் எத்தனையோ பேர். அவர்களில் எட்டு பேருக்கு ஊரிலேயே வேலை கொடுத்தால் என்ன என்று அவள்தான் கேட்டாள். பேங்கில் கடன் வாங்கி மெஷின் போட்டோம். சாம்பியன் ரயில் ஸ்டேஷன் பக்கம் ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்தோம். பெங்களூரிலிருந்து வெட்டிய துணி கட்டுக்கட்டாக வரும். நாங்கள் நைட் பேண்ட்டாகத் தைத்து, இஸ்திரி போட்டு, பேக் செய்து திருப்பி அனுப்புவோம். பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. மூடிப்போன தங்கச் சுரங்கத்தின் கழிவு மண் குவிந்த சைனைட் மேட்டிலிருந்து தூசிக் காற்று அடிக்கிற மாதங்களில் மட்டும் ஜன்னலை அடைத்து, துணிமேல் பிளாஸ்டிக் தாள் போட்டு மூடிக்கொள்வோம். மற்றபடி தொந்தரவு இல்லை.

முதலில் பீஸுக்கு முப்பத்திரண்டு ரூபாய் கொடுத்தார்கள். மாதம் ஆறாயிரம் பீஸ் போகும். பெரிய லாபம் என்று சொல்ல முடியாது. எல்லாம் போக பதினாறாயிரம் நிற்கும். நானும் அவளும் பாதிப் பாதி எடுத்துக்கொள்வோம். பெங்களூரில் நான் வாங்கியதைவிடக் குறைவுதான். ஆனால் பகல் வெளிச்சத்தில் வீட்டுக்கு நடந்து வருவதற்கு ஒரு விலை உண்டே, அதை யார் தருவார்கள்?

அப்புறம் ஒரு நாள் கம்பெனியின் ஆர்டர்களைப் பிரித்துக் கொடுக்கிற ஏஜென்ட் போன் செய்தார். பெங்களூர்க்காரர், கன்னடத்தையும் தமிழையும் கலந்து பேசுவார்.

"மேடம், எக்ஸ்போர்ட் ரொம்ப டல். இனிமே இருபத்தாறுதான். இஷ்டம் இருந்தா மாடி, இல்லன்னா பேடா." செய்தால் செய், இல்லாவிட்டால் வேண்டாம் என்று அர்த்தம்.

அன்று சாயங்காலம் பெண்கள் போன பிறகு நானும் நாத்தனாரும் இஸ்திரி டேபிள்மேல் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். பீஸுக்குத் தையல் கூலி பதினாலு. நூல், கரண்ட், இஸ்திரி, பேக்கிங், வேன் வாடகை எல்லாம் சேர்த்து ஏழு. ஆக இருபத்தொன்று. இது போக மாதா மாதம் ஷெட் வாடகை, மெஷின் லோன் தவணை, இன்சூரன்ஸ், கரண்ட் மீட்டருக்குக் கட்டுகிற நிலையான சார்ஜ் என்று ஐம்பதாயிரம். அந்த ஐம்பதாயிரத்தை ஆறாயிரம் பீஸுக்குப் பங்கு போட்டால் பீஸுக்கு எட்டு ரூபாய்க்கு மேல் வருகிறது. ஆக ஒரு நைட் பேண்ட் எங்களுக்கு இருபத்தொன்பது ரூபாய்க்கு மேல் அடங்குகிறது. அதை இருபத்தாறுக்குக் கொடுக்க வேண்டும்.

"ஒவ்வொண்ணுக்கும் மூணு ரூபா கையவிட்டுப் போவுது அண்ணி" என்றாள் நாத்தனார். "தைக்கத் தைக்க நஷ்டம். மாசத்துக்கு இருபதாயிரம். இதுக்கு எதுக்குத் தைக்கணும்?"

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இருவரும் படித்தவர்கள், இருவரும் கணக்கைத் திருப்பித் திருப்பிப் போட்டோம், விடை மாறவில்லை. நஷ்டத்துக்கு வேலை செய்கிறவர்கள் முட்டாள்கள் என்று பேசி முடித்தோம். அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஷெட் சொந்தக்காரர் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

அவர் இன்ஜினியரிங் ஃபேக்டரியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். பி.எஃப். பணத்தில் ஷெட்டைக் கட்டினாராம். பனியனோடு வந்து நாற்காலியைக் காட்டினார்.

"இன்னாம்மா, ஞாயித்துக்கெழம காலைலயே?"

சொன்னேன். அழவில்லை. அடுத்த மாதத்தோடு காலி செய்துகொள்கிறோம் என்றேன்.

அவர் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். பிறகு, "கஷ்டமாத்தான் கீது. ஆனா அக்ரிமெண்ட் மூணு வருஷம் ஆச்சேம்மா. இன்னும் பத்து மாசம் கீது. நீங்க இருந்தாலும் வாடகை, போனாலும் வாடகை. அட்வான்ஸ்ல கழிச்சிக்குவேன். அதுதானே பேச்சு?" என்றார்.

"அதெப்படி சார், தைக்காமலே வாடகை தரணுமா?"

"நீ தைக்கிறியா இல்லியான்னு பாத்தா நான் வாடகை பேசினேன்?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. உள்ளே திரும்பி எனக்கு காபி கொண்டுவரச் சொன்னார். அவர் பக்கம் நியாயம் இருந்தது. கையெழுத்துப் போட்டது நான்தான். காபியைக் குடித்துவிட்டு எரிச்சலோடு வெளியே வந்தேன்.

பஸ் ஸ்டாண்டைத் தாண்டி நடக்கும்போது அவர் சொன்ன வாக்கியம்தான் காதில் ஓடிக்கொண்டிருந்தது. நீங்க இருந்தாலும் வாடகை, போனாலும் வாடகை. சரி, மெஷின் தவணை? அதுவும் அப்படித்தான். மெஷினை விற்றால் பாதி விலைகூடத் தேறாது, பேங்க் மிச்சத்தைக் கேட்கும். இன்சூரன்ஸையும் நடுவில் நிறுத்த முடியாது. மூடினால் எது நிற்கும்? தையல் கூலி நிற்கும், நூல் நிற்கும், வேன் நிற்கும். அந்த இருபத்தொரு ரூபாய்தான் நிற்கும். ஐம்பதாயிரம் நிற்காது.

நான் ஒரு பழக்கடை ஓரமாக நின்றுவிட்டேன். போனில் கால்குலேட்டரைத் திறந்து அங்கேயே போட்டுப் பார்த்தேன். இருபத்தாறில் இருபத்தொன்று போனால் பீஸுக்கு ஐந்து ரூபாய் மிஞ்சுகிறது. ஆறாயிரம் பீஸுக்கு முப்பதாயிரம். ஐம்பதாயிரம் கட்டியே ஆக வேண்டும் என்கிறபோது முப்பதாயிரம் கையில் வருகிறது. தைத்தால் நஷ்டம் இருபதாயிரம். தைக்காவிட்டால் நஷ்டம் முழுசாக ஐம்பதாயிரம்.

நாங்கள் இருபதாயிரத்தைப் பூஜ்யத்தோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம். பூஜ்யம் என்று ஒன்று எங்கள் முன்னால் இல்லவே இல்லை.

பழக்கடைக்காரர், "இன்னா வேணும்மா?" என்று கேட்டார். ஒரு டஜன் வாழைப்பழம் வாங்கிக்கொண்டு நேராக நாத்தனார் வீட்டுக்குப் போனேன்.

அவள் குழந்தைக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாள். நான் சொன்னதைக் கேட்டு, ஊட்டுகிற கையோடு அப்படியே இருந்தாள். குழந்தை அவள் விரலைப் பிடித்து இழுத்தது.

"மூடினா ஐம்பதாயிரம் போவுமா?" என்றாள். "அது எப்படி நமக்குத் தோணாம போச்சு?"

"பீஸுக்கு எட்டு ரூபான்னு வாடகையைப் பிரிச்சோமே பாப்பா, அங்கதான் ஏமாந்தோம். பீஸு தைச்சாத்தான் அந்த எட்டு ரூபா செலவாவுதுன்னு நெனச்சிட்டோம்" என்றேன்; நாத்தனாரை நான் பாப்பா என்றுதான் கூப்பிடுவேன்.

அவள் உடனே ஒத்துக்கொள்கிற ஆள் இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "உன் வேலைக்கு இன்னா கணக்கு அண்ணி?" என்று கேட்டாள். "மூடினா நீ நாளைக்கே பெங்களூர் போயி வேலைல சேர்ந்துடலாம். சீசன் டிக்கெட், சாப்பாடு எல்லாம் போவ பதினாறாயிரமாவது கைக்கு வரும். இங்க நீ சும்மா உழைக்கிறியே? அதயும் சேர்க்கணுமா இல்லியா?"

சேர்க்கத்தான் வேண்டும். எனக்கு அது தோன்றவில்லை. என் உழைப்பை நான் ஒரு செலவாக நினைத்ததே இல்லை. அவளுக்குக் குழந்தையை விட்டுவிட்டு வெளியே போக வழியில்லை, ஆகவே அவள் பக்கம் அப்படி ஒரு தொகை இல்லை. முப்பதாயிரத்தில் பதினாறாயிரம் போனாலும், மூடுவதைவிட ஓட்டுவதில் பதினாலாயிரம் மிச்சம் என்று வந்தது. அதோடு விடவில்லை அவள். அப்படியானால் எந்த விலைக்குக் கீழே போனால் நிறுத்த வேண்டும் என்று கேட்டாள். இருபத்தொன்றும், என் பதினாறாயிரத்தை ஆறாயிரம் பீஸால் வகுத்து வருகிற சில்லறையும் சேர்த்தால் இருபத்து நாலுக்குக் கொஞ்சம் குறைவு. இருபத்து நாலு என்று வைத்துக்கொண்டோம். அதற்கு மேலே விலை இருக்கிறவரை ஓட்டுவது. கீழே போனால் அன்றைக்கே நிறுத்துவது. ஷெட் ஒப்பந்தம் முடிகிறபோது மறுபடி புதிதாக உட்கார்ந்து யோசிப்பது, ஏனென்றால் அன்றைக்கு வாடகையும் தப்பிக்கக்கூடிய செலவாகிவிடும்.

"அதுவரைக்கும் மாசா மாசம் இருபதாயிரம் எங்கிருந்து வரும்?" என்றாள் கடைசியாக.

அதுதான் நிஜமான கேள்வி. முதல் வருஷம் மிச்சம் பிடித்தது கொஞ்சம் பேங்கில் இருந்தது. அது போதாதபோது என் வளையலை அடகு வைத்தேன். நஷ்டம் குறைவான நஷ்டம் என்பதால் அது தானாகக் கட்டப்பட்டுவிடாது. அந்த மாதங்களில் என் கணவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரும் ரயிலில் போய் வருகிறவர், வீட்டுச் செலவு முழுக்க அவர் சம்பளத்தில் ஓடியது. ஆனால் மாமியார் வீட்டுப் பக்கம் ஒரு கல்யாணத்தில், "நஷ்டத்துல ஏன்மா நடத்துறீங்க, மூடிட்டுப் போங்களேன்" என்று ஒரு அத்தை கேட்டபோது, பந்தியில் உட்கார்ந்து இதையெல்லாம் விளக்க முடியாமல் பாயசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்படி மூன்று மாதம் போல ஓட்டினோம். விசித்திரமாக, அந்த மாதங்களில் நான் நன்றாகத் தூங்கினேன். எவ்வளவு இழக்கிறோம், ஏன் இழக்கிறோம், எங்கே நிறுத்துவோம் என்று தெரிந்திருந்தது.

பிறகு ஏஜென்ட் நேரிலேயே வந்தார். ஷெட் வாசலில் காரை நிறுத்திவிட்டு, தைத்து அடுக்கியிருந்த பேண்ட்டுகளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். தையலைப் பாராட்டினார். பாராட்டியவுடனேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"மேடம், அடுத்த லாட்டு இருபது."

"இருபதா?"

"மத்த யூனிட் எல்லாம் ஒத்துக்கிட்டாங்க. வேலை இல்லாம உக்கார்றதுக்கு இது பெட்டர் அல்லவா?"

நாத்தனார் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன, பெண்கள் யாரும் தலை நிமிரவில்லை, ஆனால் எல்லோர் காதும் இங்கேதான் இருந்தது என்று எனக்குத் தெரியும்.

"சார், எனக்கு நூலும் கூலியும் வேன் வாடகையுமே இருபத்தொரு ரூபா ஆவுது" என்றேன். "ஒரு பேண்ட் தைச்சா என் கையிலிருந்து ஒரு ரூபா போவும். ஆறாயிரம் தைச்சா ஆறாயிரம் போவும். அது இல்லாம வாடகையும் தவணையும் தனியா. சும்மா பூட்டிவெச்சா ஐம்பதோட நிக்கும், உங்களுக்குத் தைச்சுக் குடுத்தா ஐம்பத்தாறு. எதுக்கு சார்?"

"கூலியைக் குறைச்சுக்கோங்க மேடம்."

"அது முடியாது."

அது முடியாதுதான். பதினாலுக்கும் கீழே போனால் அந்தப் பெண்கள் ரயிலுக்கே திரும்பிப் போய்விடுவார்கள். போனால் அது நியாயம்தான். அவர் தோளைக் குலுக்கிவிட்டு காரில் ஏறினார். கார் திரும்புகிற வரைக்கும் நின்று பார்த்தேன். இத்தனை மாதமாக இருபத்து நாலு என்கிற எண்ணை மனசில் வைத்துக்கொண்டு, அந்த நாள் வந்தால் சொல்ல வருமா என்று பயந்துகொண்டே இருந்திருக்கிறேன் போல. சொல்லிவிட்டதும் உடம்பு லேசானது. நாத்தனார் ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தாள்.

கஷ்டம் அதற்குப் பிறகுதான். எட்டுப் பெண்களையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்ல வேண்டியிருந்தது. எங்கள் ஊரில் "மூடுறோம்" என்று சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. தங்கச் சுரங்கத்தில் பம்ப்பை நிறுத்தினார்கள், ஆட்கள் இறங்குகிற குழியான ஷாஃப்ட்டில் தண்ணீர் ஏறியது, அதற்கப்புறம் யாரும் கீழே இறங்கவில்லை. இந்த எட்டு பேரில் யார் வீட்டிலும் அதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

மூத்த தையல்காரி, எங்கள் யூனிட்டில் முதல் நாள் முதல் இருப்பவள், கேட்டாள்: "அக்கா, மூடிட்டீங்களா?"

"மூடல. நிறுத்தியிருக்கோம்."

"ரெண்டுக்கும் இன்னா வித்தியாசம்?"

"மூடுறதுன்னா மெஷினை வித்துட்டு, ஷெட்டைக் குடுத்துட்டுப் போயிடறது. நிறுத்துறதுன்னா எல்லாம் இருந்த எடத்துல இருக்கும். வாடகை கட்டிக்கிட்டேதான் இருப்போம். விலை ஏறினா மறுநாளே சுவிட்சைப் போடலாம். அந்த ஷாஃப்ட்டு மாதிரி இல்ல. தண்ணி ஏற விடமாட்டேன்."

கடைசி வாக்கியம் எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. சொன்ன பிறகு எனக்கே பயமாக இருந்தது, வாக்குக் கொடுத்துவிட்டேனோ என்று. சம்பளப் பாக்கி எதுவும் வைக்கவில்லை, அன்றே எல்லோருக்கும் கொடுத்து அனுப்பினோம். இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒருத்தி, எண்ணெய் போட்டு மூடிவைத்தால்தான் மெஷின் துருப்பிடிக்காது என்று சொல்லி, எல்லா மெஷினுக்கும் எண்ணெய் விட்டுத் துணி போர்த்திவிட்டுத்தான் போனாள்.

அடுத்த வாரமே நான் பழைய கம்பெனியில் பேசி, தற்காலிகமாக வேலைக்குச் சேர்ந்தேன். வாடகையும் தவணையும் கட்ட அந்தச் சம்பளம் தேவைப்பட்டது. மூத்த தையல்காரியும் அங்கேயே சேர்ந்தாள். காலையில் சாம்பியன் ஸ்டேஷனில் அவள் ஏறுவாள். நான் அவளுக்கு இடம் பிடித்து வைத்திருப்பேன். பங்காருப்பேட்டை வரைக்கும் இருவரும் தூங்குவோம். அதன் பிறகு தூங்க முடியாது, கூட்டம் ஏறிவிடும். சாப்பாட்டு டப்பாவை மாற்றிக்கொள்வோம். அவள் வீட்டுக் காரக்குழம்பு எனக்குப் பிடிக்கும்.

ஒரு நாள் அவள் கேட்டாள்: "இருபதுக்கு ஒத்துக்கிட்ட யூனிட்டுங்க எப்படிக்கா ஓட்றாங்க? அவுங்களுக்கு மட்டும் நூலு சும்மா வருதா?"

"தெரியல" என்றேன். உண்மையாகவே தெரியவில்லை. சிலருக்கு எங்களைவிட மலிவாகத் தைக்க முடிந்திருக்கலாம். சிலர் நாங்கள் முதலில் செய்ததற்கு நேர் எதிராகத் தப்பாகக் கணக்குப் போட்டு, வேலை நடந்தால் போதும் என்று இருந்திருக்கலாம். ரயிலில் நின்றுகொண்டு அவர்களை நினைத்துப் பார்க்கும்போது, எங்கள் கணக்கு தப்பாக இருந்தால் என்ன செய்வது என்றுகூடத் தோன்றும். நிறுத்தினது தப்பு, இருபதுக்கே ஓட்டியிருக்க வேண்டும் என்று. பிறகு மறுபடியும் இருபத்தொன்றை ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்ப்பேன். பதினாலு, நூல், கரண்ட், இஸ்திரி, வேன். இருபத்தொன்று இருபத்தொன்றாகவே இருக்கும்.

ஒன்றரை மாதம் இருக்கும். சாயங்கால ரயில் ஒயிட்ஃபீல்டைத் தாண்டியபோது போன் அடித்தது. ஏஜென்ட். கூட்டத்தில் பை தோளில் தொங்க, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் போனைக் காதில் வைத்தேன்.

"மேடம், ஷெட்டு இன்னும் இருக்கா? மெஷின் எல்லாம் இருக்கா?"

"இருக்கு சார்."

"அய்யோ தேவரே! இங்க ரெண்டு மூணு யூனிட் மெஷினையே வித்துட்டுப் போயிட்டாங்க. ஆர்டர் வந்து நிக்குது, தைக்க ஆள் இல்ல. இருபத்து நாலு போடறேன், நாளைக்கே துணி அனுப்பட்டா?"

இருபதுக்கு ஒத்துக்கொண்டவர்கள்தான் போய்விட்டார்கள் என்று அவர் சொல்லாமலே புரிந்தது. வருத்தமாக இருந்தது, அவர்களும் எங்களை மாதிரி ஆட்கள்தான். ஆனால் அவர்கள் போனதால்தான் எங்களுக்கு விலை ஏறுகிறது என்பதும் உண்மை.

"இருபத்தெட்டு சார்."

"மேடம்..."

"நீங்களே சொல்றீங்க, தைக்க ஆள் இல்லன்னு."

ரயில் சத்தத்தில் அவர் என்ன சொன்னார் என்று ஒரு நிமிஷம் கேட்கவில்லை. கடைசியில் இருபத்தேழில் நின்றார். சரி என்றேன். பக்கத்தில் மூத்த தையல்காரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். போனை வைத்ததும், "இருபத்தேழு" என்று மட்டும் சொன்னேன். அவள் அந்தக் கூட்டத்துக்கு நடுவே என் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். பக்கத்தில் நின்றிருந்த ஒரு அம்மா, கல்யாணம் எதுவும் நிச்சயமாகிவிட்டதா என்று கன்னடத்தில் கேட்டார். ஆமாம் என்றேன், எதற்கு விளக்கம்.

இருபத்தேழும் எங்களுக்கு நஷ்டம்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. மாதம் பதினாலாயிரம் போகும். ஆனால் ஷெட்டைப் பூட்டிவைத்திருந்த மாதத்தில் வாடகை, தவணை என்று ஐம்பதாயிரமும் போனதே. எட்டுப் பெண்களில் ஆறு பேர் மறுநாளே வந்துவிட்டார்கள். ஒருத்தி பெங்களூரிலேயே நல்ல வேலை கிடைத்து அங்கேயே இருந்துவிட்டாள், ஒருத்திக்குக் கல்யாணம். புதிதாக இரண்டு பேரைப் பழக்குவதற்குள் நாத்தனாருக்குத் தொண்டை கட்டிவிட்டது. நிறுத்தி மறுபடி ஆரம்பிப்பதற்கும் ஒரு செலவு இருக்கிறது என்பதை அப்போதுதான் பார்த்தோம். பழகிய கைகள் போய்விட்டால் முதல் வாரம் பாதி பீஸ்தான் வரும். அதை நாங்கள் கணக்கில் சேர்த்திருக்கவில்லை.

அடுத்த சில மாதங்களில் ஷெட் ஒப்பந்தம் முடிகிற தேதி வந்தது. இப்போது நிலைமை வேறு. காலி செய்தால் வாடகை நின்றுவிடும், தவணை மாதிரி மற்றவைதான் நிற்காது. ஆகவே வாடகையும், என் உழைப்பும், தைக்கிற செலவும் எல்லாமே விலையில் வர வேண்டும். வராவிட்டால் போய்விடுவதுதான் சரி. இருபத்தேழு ரூபாய் அந்த எல்லையை மயிரிழையில்தான் தாண்டியது. நாத்தனாரும் நானும் சேர்ந்தே ஷெட் சொந்தக்காரரைப் பார்க்கப் போனோம்.

"சார், போன தடவை நீங்க சொன்னீங்க, இருந்தாலும் வாடகை, போனாலும் வாடகைன்னு" என்றேன். "இப்ப அப்படி இல்ல. இப்ப போனா வாடகை இல்ல. பதினெட்டாயிரம் குடுத்து எங்களால ஓட்ட முடியாது. பன்னெண்டுன்னா இருப்போம்."

அவர் சிரித்துவிட்டார். "மெரட்றியா?"

"இல்ல சார். இருக்கறதைச் சொல்றேன்."

அவர் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாங்கள் வருவதற்கு முன்னால் அந்த ஷெட் ரொம்ப நாள் காலியாகக் கிடந்தது எங்களுக்குத் தெரியும். முனிசிபாலிட்டி வரி அவர் எப்படியும் கட்டியாக வேண்டும். ஷெட் கட்டப் போட்ட பணமும் திரும்பி வரப்போவதில்லை. அவருக்கும் ஒரு கணக்கு உண்டு, நாங்கள் போட்ட அதே மாதிரிக் கணக்கு. பன்னிரண்டாயிரம் அவர் நினைத்த வாடகை இல்லை, ஆனால் காலி ஷெட்டைவிட மேல்.

"மேல் கூரை ஷீட்டு ஒழுகினா நீங்களே பாத்துக்குவீங்களா?" என்று கேட்டார்.

"பாத்துக்குவோம்" என்றாள் நாத்தனார், எனக்கு முன்னால்.

"சரி, பன்னெண்டு. ஒரு வருஷத்துக்குத்தான். மூணு வருஷம் வேணாம்பா, உங்களுக்கும் வேணாம் எனக்கும் வேணாம்."

அந்த ஒரு வருஷம் என்கிற வார்த்தை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

தீபாவளிக்கு முன்னால் ஏஜென்ட் தானாகவே முப்பத்தொன்றுக்கு ஏற்றினார். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. எங்களை விட்டால் பக்கத்தில் தைக்க யாரும் இல்லை என்பது அவருக்கும் தெரிந்திருக்கும். புது வாடகையோடு கணக்குப் பார்த்தால் பழைய பதினாறாயிரம் மறுபடியும் கையில் நின்றது. நாத்தனார் மூன்று தடவை கூட்டிப் பார்த்துவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "சரியாத்தான் கீது அண்ணி" என்றாள்.

வளையலை மீட்டது அதற்கும் இரண்டு மாதம் கழித்து. பேங்கிலிருந்து வெளியே வந்து, நாத்தனாரையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு மார்க்கெட் பக்கம் ஒரு ஓட்டலில் பரோட்டா சாப்பிட்டோம். குழந்தை தட்டிலிருந்த சால்னாவைத் தன் சட்டையில் முழுக்க ஊற்றிக்கொண்டது. நாத்தனார் திட்டப் போனாள், பிறகு விட்டுவிட்டாள். அந்த மதியம் எங்களுக்கு எந்த அவசரமும் இல்லை. மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன, மூத்த தையல்காரி பார்த்துக்கொள்வாள். நான் இன்னொரு டீ சொன்னேன்.